கம்பெனி மாறியவருக்கு லீவ் இருப்பு காணாமல் போகிறது: Employee Transfer போட்ட பிறகு என்ன செய்வது?

குடந்தை மீனா

வணக்கம். ஒரே குடும்பத்தின் மூன்று நிறுவனங்களுக்கு எச்ஆர் வேலை பார்க்கிறேன். கும்பகோணத்தில் ஜவுளிக் கடை, மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை, காரைக்காலில் மொத்த விற்பனைக் கிடங்கு. மூன்றும் தனித்தனிப் பதிவு, தனித்தனி பிஎஃப் கோடு. மென்பொருள் ஃப்ரப்பே எச்ஆர், பதிப்பு 15.

கடையில் பில்லிங் பிரிவு மேற்பார்வையாளர் ஒருவரை அக்டோபர் 1 முதல் காரைக்கால் கிடங்குக்கு மாற்றினார்கள். Employee Transfer படிவத்தில் New Company நிரப்பி, Create New Employee Id என்ற கட்டத்தையும் டிக் செய்து சமர்ப்பித்தேன். பழைய எண் HR-EMP-00061, புதிய எண் HR-EMP-00143. அதன் பிறகு காரைக்காலுக்கான லீவ் பாலிசியையும் ஒதுக்கினேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் லீவ் போட அவர் மொபைலைத் திறந்தால் சி.எல். 3, இ.எல். 0 என்று காட்டுகிறது. செப்டம்பர் 30 அன்று அவர் கணக்கில் சி.எல். 7, இ.எல். 23.25 இருந்தது. 2019 ஜூன் 10-ல் சேர்ந்தவர். "ஆறு வருஷம் உழைச்சதுக்கு இதுதானா மேடம்?" என்று கேட்கிறார். நிர்வாகம் பணித்தொடர்ச்சி உண்டு என்றுதான் சொல்லியிருக்கிறது. இருப்பை எப்படிச் சரியாகக் கொண்டுவருவது? அடுத்து ஆலையிலிருந்தும் ஐந்து பேர் மாறப்போகிறார்கள்.

சம்பா ராஜா

மீனா மேடம், இது சின்ன விஷயம். புதிய எண்ணில் Date of Joining என்ன இருக்கிறது என்று பாருங்கள். 01-10-2025 என்று இருக்கும். கம்பெனி மாறினால் மாறுதல் தேதியையே சேர்ந்த தேதியாகப் போட்டுவிடும். அதனால்தான் புது ஆள் என்று நினைத்து மூன்று மாதத்துக்கான சி.எல். மட்டும் கொடுத்திருக்கிறது. அதை 10-06-2019 என்று திருத்துங்கள். லீவ் பாலிசி ஒதுக்கீட்டை ரத்து செய்து மறுபடி போடுங்கள். எல்லாம் வந்துவிடும்.

குடந்தை மீனா

ஆமாம் சார், 01-10-2025 என்றுதான் இருக்கிறது. திருத்தலாமா?

அரசுப்பள்ளி குமார்

மேடம், மாறுதல் ஆன இடத்தில் சேர்ந்துவிட்டீர்களா? எங்களுக்கு விடுவிப்பு அறிக்கை, கடைசி ஊதியச் சான்று, பணிப்பதிவேடு மூன்றும் போய்ச் சேர்ந்தால்தான் களஞ்சியத்தில் புதிய அலுவலகம் சம்பளம் போடும். லீவ் கணக்கு பணிப்பதிவேட்டில் இருக்கும், ஆளோடு கூடவே போகும். பழைய டி.டி.ஓ. உங்களை சிஸ்டத்தில் ரிலீவ் செய்தாரா என்று முதலில் கேளுங்கள். திருவாரூரிலிருந்து வேதாரண்யம் மாறியபோது எனக்கு அது தாமதமாகி ஒரு மாதச் சம்பளம் நின்றது.

குடந்தை மீனா

சார், இது அரசுப் பணி இல்லை. தனியார் நிறுவனம், மென்பொருளும் வேறு. மாறியது நானும் இல்லை, எங்கள் ஊழியர்.

வெண்ணாறு

குமார் சார் வேறு சிஸ்டத்தைச் சொன்னாலும் இந்த இடத்துக்கு வேண்டிய விஷயம் அதில் இருக்கிறது. அரசில் பதிவேடு ஆளோடு போகிறது. ஃப்ரப்பே எச்ஆரில் லீவ் கணக்கு ஊழியர் எண்ணோடு கட்டப்பட்டது. எண்ணை மாற்றினால் கணக்கு பழைய எண்ணிலேயே தங்கிவிடும்.

மீனா மேடம், சேர்ந்த தேதியில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். ராஜா தம்பி காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் வேறு தவறு வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், எதுவும் அழியவில்லை. இந்த மென்பொருளில் "இருப்பு" என்று ஒரு எண் எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. Leave Ledger Entry என்ற பேரேட்டில் வரவும் செலவும் வரி வரியாக இருக்கும், திரையில் பார்ப்பது அவற்றின் கூட்டல். ஒதுக்கீடு கூட்டல் வரி, எடுத்த லீவ் கழித்தல் வரி, காலாவதியானதும் கழித்தல் வரி. ரிப்போர்ட் எழுதும் அனுமதி உள்ளவரிடம் இதை ஓட்டச் சொல்லுங்கள். பழைய எண்ணுக்கு ஒருமுறை, புதிய எண்ணுக்கு ஒருமுறை.

```sql
SELECT leave_type, transaction_type, transaction_name,
       leaves, from_date, to_date,
       is_carry_forward, is_expired
FROM `tabLeave Ledger Entry`
WHERE employee = 'HR-EMP-00061' AND docstatus = 1
ORDER BY leave_type, from_date, creation;
```

வந்ததை இங்கே போடுங்கள். அதுவரை யாரும் எதையும் ரத்து செய்ய வேண்டாம்.

குடந்தை மீனா

ஓட்டிப் பார்த்தோம் சார். பழைய எண்ணில் இ.எல்.: ஜனவரியில் போன வருஷ மீதி 18 (is_carry_forward 1), பிறகு மாதம் 1.25 வீதம் ஒன்பது வரிகள், எடுத்தது -2, -4. சி.எல்.: 12 ஒரு வரி, எடுத்தது மொத்தம் -5.

புதிய எண்ணில் சி.எல். 3 என்று ஒரே வரி. இ.எல். ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் அளவு 0. எங்கள் இ.எல். வருஷத்துக்கு 15, மாதக் கடைசி நாளில் 1.25 ஏறும்படி வைத்திருக்கிறோம்.

வெண்ணாறு

அப்படியென்றால் கணக்கு தெளிவாக இருக்கிறது. 18 + 11.25 - 6 = 23.25. நீங்கள் சொன்ன எண்ணேதான். பழைய எண்ணில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அந்த எண்ணின் நிலை Left ஆகிவிட்டது.

இப்போது 3 எப்படி வந்தது என்று பார்ப்போம். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாள். 12-ஐ 92-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 3.02. முழு எண்ணாக்கி 3. பழைய பதிப்புகளில் மேலே முழுமையாக்கி 4 கொடுக்கும். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது, உங்கள் ஒதுக்கீடு Leave Period அடிப்படையில் போடப்பட்டிருக்கிறது. Assignment based on என்ற இடத்தில் Joining Date என்று வைத்திருந்தால் காலமே அக்டோபர் 1-ல் தொடங்கும், விகிதம் பார்க்க எதுவும் இருக்காது, 12-ம் முழுதாக விழுந்திருக்கும். ஆலையிலிருந்து வரும் ஐந்து பேருக்கும் இதே அடிப்படையில் போடுங்கள். ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி ஆகிவிட்டால் பின்னால் ஒப்பிட முடியாது.

ராஜா தம்பி சொன்ன வழியில் போனால் நடப்பது இது. சேர்ந்த தேதி 2019 என்றாகிறது, காலம் ஜனவரியில் தொடங்குகிறது, ஆகவே சி.எல். 12 முழுதாக வரும். கடையில் எடுத்த 5 புதிய எண்ணுக்குத் தெரியாது. அவர் கையில் 7-க்குப் பதில் 12. இ.எல்.-லில் இன்னும் மோசம். மாதாமாதம் ஏறும் விடுப்பை வருஷ நடுவில் ஒதுக்கினால், கடந்த மாதங்களுக்கு உரியதையும் சேர்த்துக் கொடுக்கும் வசதி உண்டு. சேர்ந்த தேதி பழையதாக இருந்தால் ஜனவரி முதல் செப்டம்பர் வரைக்கும் 11.25 வந்து விழும். அந்த 11.25 பழைய எண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. கூடவே போன வருஷ 18 வராது, எடுத்த 6 கழியாது. அதாவது 23.25 வேண்டிய இடத்தில் 11.25 காட்டும். ஓரளவு சரியாகத் தெரிகிற எண் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சம்பா ராஜா

11.25 திரும்ப வரும் என்று நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராஜுவிட்டிக்கு என்ன செய்வீர்கள்? சேர்ந்த தேதி 2025 என்றே இருந்தால் ஐந்து வருஷம் ஆகவில்லை என்று சிஸ்டம் சொல்லுமே. தேதியைத் திருத்தாமல் அது தீராது.

வெண்ணாறு

நியாயமான கேள்வி. Gratuity படிவம் சேர்ந்த தேதியிலிருந்து விலகிய தேதி வரைதான் எண்ணுகிறது. ஆகவே 2019 என்ற தேதி எங்காவது இருந்தாக வேண்டும். நான் செய்வது: Employee படிவத்தில் "குழுமத்தில் சேர்ந்த நாள்" என்று தனிக் களம் ஒன்று சேர்ப்பேன். அதில் 10-06-2019. அந்த Date of Joining-ல் 01-10-2025 அப்படியே இருக்கும். லீவ் விகிதமும் சம்பளமும் இரண்டாவதைப் பார்க்கும். கிராஜுவிட்டி போடும்போது முதல் தேதியை வைத்துக் கையால் சரிபார்ப்போம். அழகான வழி இல்லை, ஆனால் இரண்டு தேதிக்கும் இரண்டு வேலை இருப்பது உண்மை.

எல்லா ஒதுக்கீடும் முடிந்த பிறகு Date of Joining-ஐத் திருத்துகிறவர்களும் உண்டு. ஜனவரியில் புதுக் காலம் தொடங்கிய பிறகு செய்தால் விகிதச் சிக்கல் வராது. ஆனால் காரைக்கால் நிறுவனத்தின் ஆவணத்தில் 2019-ல் சேர்ந்தார் என்று நிற்கும். பிஎஃப் பக்கம் அந்த நிறுவனத்தில் சேர்ந்த நாள் 01-10-2025. இரண்டும் மோதும்.

டைம் ஆபீஸ் தாத்தா

பிள்ளைகளே, ஒரு சர்க்கரை ஆலையில் டைம் ஆபீஸ் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் பொத்தான் எனக்குத் தெரியாது. கணக்கைப் பற்றி ஒன்று சொல்கிறேன்.

மீனாம்மா, சி.எல். 7 இருந்தது, அதனால் 7-ஐக் காரைக்காலுக்கு மாற்று என்று யாராவது சொன்னால் கேட்காதே. அங்கே ஏற்கெனவே 3 ஏறியிருக்கிறது. 7-ம் 3-ம் சேர்ந்தால் 10. வருஷத்துக்கு 12 உள்ள இடத்தில் 5 எடுத்தவனுக்கு 10 மீதி எப்படி வரும்?

பழைய இடத்தில் ஒன்பது மாதம் வேலை. 12-ல் ஒன்பது மாதப் பங்கு 9. எடுத்தது 5, மீதி 4. அந்த 4-தான் மாற வேண்டியது. புது இடத்துப் பங்கு 3. ஆக 7. இரண்டு கம்பெனியும் தன் தன் பங்கைக் கொடுத்த மாதிரி ஆகும், ஆளுக்கும் ஒரு நாள் குறையாது.

வெண்ணாறு

ஐயா சொன்னதுதான் சரியான கணக்கு. வருஷ ஆரம்பத்திலேயே முழுசாகக் கொடுக்கும் விடுப்பை மாற்றும்போது மீதியை அப்படியே தூக்கக் கூடாது. இ.எல். மாதாமாதம் உழைத்து ஏறியது, அதை முழுசாகத் தூக்கலாம்.

இனி பொத்தான் வேலை, மேடம். சி.எல்.-லுக்குப் புதிய எண்ணின் Leave Allocation-ஐத் திறந்து New Leaves Allocated என்ற களத்தில் 3-ஐ 7 ஆக்கிச் சேமியுங்கள். சமர்ப்பித்த பிறகும் அந்தக் களம் திருத்தத்துக்குத் திறந்திருக்கும். பேரேட்டில் +4 என்று இன்னொரு வரி விழும். கருத்துப் பகுதியில் "HR-EMP-00061-லிருந்து 4 நாள், மாறுதல் உத்தரவுப்படி" என்று எழுதி வையுங்கள். ஆடிட்டர் கேட்கும் இடம் அது.

குடந்தை மீனா

சி.எல். ஆயிற்று சார், 7 காட்டுகிறது. ஊழியரிடம் சொல்லிவிட்டேன், அவர் தீபாவளி லீவும் போட்டுவிட்டார்.

இ.எல்.-லுக்கு அதே மாதிரி 0-வை 23.25 ஆக்கப் பார்த்தால் சேமிக்க விடவில்லை. புதிதாக இன்னொரு Leave Allocation போட்டால், அந்தக் காலத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கீடு இருக்கிறது என்று தடுக்கிறது. Carry Forward டிக் செய்து பாலிசியை மறுபடி ஒதுக்கலாமா?

வெண்ணாறு

Carry Forward இங்கே உதவாது. அது அதே ஊழியர் எண்ணின் முந்தைய ஒதுக்கீட்டில் மீதி தேடும். 00143-க்கு முந்தைய ஒதுக்கீடு என்று எதுவும் கிடையாது. டிக் செய்தாலும் 0 வரும்.

சேமிக்க விடாததற்குக் காரணம், அது Is Earned Leave வகை, பாலிசி வழியாக வந்தது. சிஸ்டமே மாதாமாதம் ஏற்றுவதால் நடுவில் கை வைப்பதைத் தடுக்கிறது. ஒரு விதத்தில் நல்லதுதான். பாலிசி இல்லாமல் இ.எல்.-ஐக் கையால் ஒதுக்கலாமே என்று தோன்றும். செய்தால் 23.25 வரும், ஆனால் மாதம் 1.25 ஏறுவது நின்றுவிடும். நான்கு மாதம் கழித்து அவரே வந்து கேட்கும்போதுதான் தெரியவரும்.

நான் இதற்குத் தனியாக ஒரு Leave Type வைப்பேன். "மாறி வந்த இ.எல்." என்று பெயர். Is Earned Leave டிக் இருக்கக் கூடாது, Is Carry Forward இருக்க வேண்டும், உங்கள் இ.எல். பணமாக்கத்தக்கது என்றால் Allow Encashment-ம் வேண்டும். இதில் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 23.25 ஒதுக்குங்கள். வழக்கமான இ.எல். தன் பாட்டுக்கு மாதம் 1.25 ஏறும். ஊழியருக்கு மொபைலில் இரண்டு வரியாகத் தெரியும். முதலில் மாறி வந்ததை எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

ஒரு இடைஞ்சல் உண்டு. ஆறு நாள் லீவில் நான்கு இதிலும் இரண்டு அதிலும் என்றால் இரண்டு விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.

அடுத்தது பழைய எண். அங்கே 23.25-ம் 7-ம் இன்னும் நிற்கின்றன. புதியதில் ஏற்றிய பிறகும் அவை இருந்தால் நிறுவனங்கள் இரண்டிலும் சேர்த்து அவருக்கு இரட்டை இருப்பு. முதலில் இரண்டு எண்களின் Employee Leave Balance ரிப்போர்ட்டையும் எடுத்து மாறுதல் படிவத்தோடு இணையுங்கள். பிறகு பழைய எண்ணின் Leave Allocation-ல் Expire Allocation என்ற பொத்தானை அழுத்துங்கள். மீதி அளவுக்குக் கழித்தல் வரி விழும், is_expired 1 என்று. ஒதுக்கீட்டுக் காலத்துக்குள், அதாவது டிசம்பர் 31 வருவதற்குள் செய்தால்தான் அந்தப் பொத்தானே தெரியும். மாதக் கடைசியில் பழைய எண்ணுக்கு 1.25 மறுபடி ஏறியிருக்கிறதா என்று மேலே கொடுத்த SQL-ஐ ஓட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காரைக்கால் ஃபாத்திமா

மீனா அக்கா, நானும் இதே மென்பொருளில்தான் வேலை செய்கிறேன், நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் எங்களுக்குக் கிளைகள். எங்களுக்கு லீவ் இருப்பைவிட விடுமுறைப் பட்டியல்தான் தலைவலி கொடுத்தது. உங்களுக்கும் வரும்.

உங்கள் ஊழியர் பதிவில் Holiday List களத்தில் கும்பகோணத்துப் பட்டியல் அப்படியே நகலாகி வந்திருக்கும். அதில் சதய விழா உள்ளூர் விடுமுறை இருக்கும். காரைக்காலில் சதய விழாவுக்கு விடுமுறை கிடையாது. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், இங்கே விடுமுறை, உங்கள் பட்டியலில் அந்தப் பெயரில் இருக்காது. மாங்கனித் திருவிழாவும் அப்படித்தான். எங்கள் ஊழியர் ஒருவர் நாகூர் கந்தூரிக்கு முன்னும் பின்னும் சேர்த்து மூன்று நாள் போட்டார். கந்தூரி நாள் நாகை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, காரைக்கால் பட்டியலில் இல்லை. அவர் நாகையிலிருந்து மாறியவர், பழைய பட்டியல் ஒட்டிக்கொண்டிருந்ததால் சிஸ்டம் இரண்டு நாள் மட்டும் கழித்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கு மூன்று கழிந்தது. அவர் வந்து கேட்டபோதுதான் கவனித்தோம்.

மாறுதல் படிவத்தில் கீழே உள்ள அட்டவணையில் Branch, Reports to மாதிரி Holiday List-ஐயும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். லீவ் அனுமதிப்பவரையும்தான். எங்களிடம் விரல்ரேகை எண்ணும் பழைய பதிவிலேயே கிடந்தது. தினமும் பஞ்ச் விழுந்தது, ஆனால் Left ஆன எண்ணில்.

குடந்தை மீனா

ஐயோ ஃபாத்திமா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். பார்த்தேன், கும்பகோணத்துப் பட்டியல்தான் இருக்கிறது. தீபாவளி இரண்டு பட்டியலிலும் உண்டு என்பதால் அந்த லீவில் மாற்றம் வராது. பட்டியலை முன் தேதியிட்டு மாற்றலாமா? அக்டோபர் 2-ம் இரண்டிலும் இருக்கிறது.

வெண்ணாறு

இந்த மாதம் மாறும் நாள் ஒன்றும் இல்லையென்றால் இப்போதே Employee படிவத்தில் மாற்றிவிடுங்கள். பதிப்பு 15-ல் பட்டியலுக்குத் தொடக்கத் தேதி என்று ஒன்றும் கிடையாது. இன்று மாற்றினால் நேற்றுக்கும் அதுவே பொருந்துகிற மாதிரி கணக்கிடும். ஏற்கெனவே ஒப்புதல் ஆன லீவ் மாறாது, பேரேட்டு வரி விழுந்துவிட்டது. ஆனால் பழைய மாதத்துச் சம்பளத்தை மறுபடி ஓட்டினால் புதிய பட்டியலை எடுத்துக்கொள்ளும். உங்கள் ஊழியருக்குச் செப்டம்பர் சம்பளம் பழைய எண்ணில் முடிந்துவிட்டதால் தப்பித்தீர்கள்.

சம்பா ராஜா

ஒரு சந்தேகம். Create New Employee Id டிக் செய்யாமலே விட்டிருந்தால் இத்தனை தொல்லை இருக்காதே? எண் அதேதான், லீவும் அதிலேயே இருக்கும்.

வெண்ணாறு

லீவ் இருக்கும், உண்மை. ஆனால் New Company நிரப்பியிருந்தால் அந்த வழியிலும் சேர்ந்த தேதியை மாறுதல் தேதியாக மாற்றிவிடும். எண் 00061, சேர்ந்த தேதி 01-10-2025, ஆனால் ஜனவரியிலிருந்து லீவும் சம்பளச் சீட்டும் இருக்கும். ஆகஸ்ட் மாதத்துக்குச் சம்பள நிலுவை போட நேர்ந்தால், அந்த மாதம் இவர் சேரவே இல்லையே என்று மறுக்கும். இந்த வழியில் போகிறவர்கள் சமர்ப்பித்த உடனே தேதியைத் திருத்த வேண்டும். பழைய கம்பெனி, புதிய கம்பெனி இரண்டின் சம்பளச் சீட்டுகளும் ஒரே எண்ணின் கீழ் வரும். பிஎஃப் கோடு தனித்தனி என்கிறபோது நான் அதை விரும்புவதில்லை. சிலர் அதுவே எளிது என்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரே கம்பெனிக்குள் கிளை மட்டும் மாறுகிறது, கும்பகோணத்திலிருந்து திருவாரூர் கடைக்கு என்றால், New Company-யைத் தொடவே வேண்டாம். அட்டவணையில் கிளையை மட்டும் மாற்றினால் போதும், லீவுக்கு ஒன்றும் ஆகாது. தேதி வருவதற்கு முன் சமர்ப்பிக்க விடாது என்பது மட்டும்தான்.

பூம்புகார் சிவா

படிவத்தில் Re-allocate Leaves என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை டிக் செய்தால் இதெல்லாம் தானாக நடக்காதா?

வெண்ணாறு

பெயரைப் பார்த்து நம்பாதீர்கள் தம்பி. சோதனைத் தளத்தில் ஒரு ஊழியரை அந்த டிக்கோடு மாற்றிவிட்டு, புதிய எண்ணுக்குப் பேரேட்டில் வரி விழுந்ததா என்று பாருங்கள். வரி விழவில்லையென்றால் ஒன்றும் நடக்கவில்லை. உண்மைத் தளத்தில் சோதிக்கக் கூடாததற்குக் காரணம் இருக்கிறது. புதிய எண் உருவான மாறுதலை ரத்து செய்யப் போனால், முதலில் அந்த ஊழியர் பதிவை நீக்கு என்று சொல்லும். அதில் வருகைப் பதிவோ லீவோ சமர்ப்பித்திருந்தால் நீக்க முடியாது. ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டே பின்னால் போக வேண்டும்.

குடந்தை மீனா

இன்னொன்று கேட்கிறேன். புதிய எண் வந்தவுடன் காரைக்கால் மேலாளர் Employee Onboarding போடச் சொல்கிறார். அது Job Applicant, Job Offer இரண்டும் கட்டாயமாகக் கேட்கிறது. ஆறு வருஷ ஊழியருக்கு வேலை விண்ணப்பம் எங்கே போவது?

காரைக்கால் ஃபாத்திமா

அக்கா, அதற்காகப் போலியாக ஒரு விண்ணப்பதாரர் உருவாக்காதீர்கள். நாங்கள் அப்படி ஒருமுறை செய்யப்போய், அந்த வருஷம் எத்தனை பேரைப் புதிதாக எடுத்தோம் என்ற ரிப்போர்ட்டே தவறாகிவிட்டது. எங்கள் வார்ப்புருவில் "யுஏஎன் உருவாக்கு" என்று ஒரு பணியும் இருந்தது. மாறி வந்தவருக்கும் அது பணியாக விழுந்தது. கணக்குப் பிரிவில் புதிதாக வந்த பையன் அதைச் செய்ய முயன்றுகொண்டிருந்தான். யுஏஎன் ஆளுக்கு ஒன்றுதான், பழையதையே புதிய கோடில் சேர்க்க வேண்டும் என்று நடுவில் நிறுத்தினோம். ஈஎஸ்ஐ எண்ணும் அப்படியே தொடரும்.

இப்போது மாறி வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு Project வைத்து, அதில் ஏழெட்டு Task மட்டும் போடுகிறோம். அறிவிப்புப் படிவம் வாங்குவது, யுஏஎன் இணைப்பது, விரல்ரேகை எண்ணை மாற்றுவது, விடுமுறைப் பட்டியல், சம்பள அமைப்பு ஒதுக்கீடு, லீவ் இருப்பு இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. கடைசிப் பணியை மூடாமல் முதல் சம்பளம் ஓடக் கூடாது என்று வைத்திருக்கிறோம்.

டைம் ஆபீஸ் தாத்தா

எல்லாம் சரி. பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 23.25 நாள் இ.எல். என்பது வெறும் எண் இல்லை, கடன். ஜவுளிக் கடை அந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டியது. நாளைக்கு அவன் காரைக்காலில் இருந்து விலகினால் 23.25 நாளுக்கும் காரைக்கால்தான் பணம் கொடுக்கும். மாதச் சம்பளம் 26,000 என்று வைத்துக்கொள். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,000, ஆக 23,250 ரூபாய். 30-ஆல் வகுத்தால் 20,150. அந்தத் தொகையைக் கடை கிடங்குக்கு வரவு வைக்க வேண்டும். முதலாளி ஒருவரே என்றாலும் புத்தகம் இரண்டு.

அப்புறம், மாறுதல் உத்தரவில் "பணித்தொடர்ச்சி உண்டு, ஈட்டிய விடுப்பு இத்தனை நாள் ஏற்கப்படுகிறது" என்று எழுதி இரண்டு நிறுவனமும் கையெழுத்துப் போட்டதா? வாய்ச்சொல்லை நம்பிச் சிஸ்டத்தில் ஏற்றாதே.

குடந்தை மீனா

உத்தரவில் அந்த வரி இல்லை ஐயா. "காரைக்கால் கிளைக்கு மாற்றப்படுகிறார்" என்று மட்டும்தான் இருக்கிறது. இன்றே திருத்தி வாங்குகிறேன். 26-ஆ 30-ஆ என்பதை எங்கள் கணக்காளரிடம் கேட்டேன். பணமாக்கும்போது 30, கிராஜுவிட்டிக்கு 26 என்று சொல்கிறார். மாற்றலுக்கு எது என்று அவருக்கும் நிச்சயமில்லை.

டைம் ஆபீஸ் தாத்தா

பணமாக்கும்போது எதுவோ அதையே எடு. என்றைக்காவது அதே கணக்கில்தான் வெளியே போகும்.

சம்பா ராஜா

நான் 26 என்பேன். ஈட்டிய நாள் வேலை நாள், ஞாயிறு சேர்க்கக் கூடாது.

குடந்தை மீனா

வெண்ணாறு சார், சோதனைத் தளத்தில் "மாறி வந்த இ.எல்." வகை வைத்துப் பார்த்தேன். 23.25 சரியாக வருகிறது, பழைய எண்ணில் Expire அழுத்தியதும் அங்கே 0. ஆனால் ஜனவரிக்குப் போனால் ஒரு சிக்கல் தெரிகிறது. எங்கள் விதிப்படி இ.எல். அதிகபட்சம் 30 நாள்தான் அடுத்த வருஷத்துக்குப் போகலாம். Maximum Carry Forwarded Leaves இரண்டு வகைக்கும் 30 என்று வைத்தால், ஒருவர் இதில் 28, அதில் 10 என்று 38 கொண்டுபோக முடிகிறது. இவருக்கு இந்த வருஷம் 27-ஐத் தாண்டாது. ஆலையிலிருந்து வரும் ஐந்து பேரில் இருவருக்கு ஏற்கெனவே 29-க்கு மேல் இருக்கிறது.

வெண்ணாறு

ஆமாம், அந்த உச்சவரம்பு வகை வகையாகத்தான் பார்க்கும், இரண்டையும் கூட்டிப் பார்க்காது. டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டின் கூட்டலைப் பார்த்து, 30-க்கு மேல் உள்ளதைப் பணமாக்கியோ காலாவதி ஆக்கியோ முடிப்பதுதான் நான் செய்வது. ஐந்து ஆறு பேருக்குக் கையால் முடியும். ஐம்பது பேர் என்றால் சிறு நிரல் எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாராவது இரண்டு வகையையும் ஜனவரியில் ஒன்றாக்கியிருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.

பூம்புகார் சிவா

ஜனவரி 1-க்குக் காரைக்கால் ஊழியர்களுக்கு இ.எல். பாலிசி ஒதுக்குவதற்கு முன், மாறி வந்தவர்களின் ஐந்து பேர் கணக்கை மட்டும் கையால் எழுதி அதே இ.எல். வகையில் முதல் ஒதுக்கீடாகப் போட்டுவிட்டால்? டிசம்பர் 31 ஒரு நாளுக்கு மட்டும் ஒதுக்கி, மறுநாள் Carry Forward தானாகத் தூக்கிக்கொள்ளுமா?

வெண்ணாறு

அந்த நாளில் அவர்களுக்கு ஏற்கெனவே இ.எல். ஒதுக்கீடு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே காலத்துக்கு இரண்டு என்று தடுக்கும். ஆனால் ஆலைக்காரர்களை ஜனவரி 1-ல் மாற்றினால், டிசம்பரில் புதிய எண்ணே இருக்காது. மீனா மேடம், அவர்கள் மாறும் தேதியை நிர்வாகம் முடிவு செய்துவிட்டதா?

குடந்தை மீனா

டிசம்பர் 1 என்று பேச்சு. சம்பா அறுவடைக்கு முன்னால் ஆலையில் ஆள் ஒழிந்திருக்கும்போதே அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஜனவரி 1 ஆக்க முடியுமா என்று திங்கட்கிழமை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.